மூன்று மணிக் காபியும் முப்பதாவது கிலோமீட்டரும்

என் முதல் முழு மாரத்தானில் 14-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் நான் ஓடவில்லை, கழிப்பறை வரிசையில் நின்றேன். சாலையோரம் வைத்திருந்த நீல நிறத் தற்காலிகக் கழிப்பறை, எனக்கு முன்னால் மூன்று பேர். வயிறு முறுக்கியது, விரல் நுனிகள் லேசாக நடுங்கின. இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற பிறகும் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 130 துடிப்பு காட்டியது. வழக்கமாக அந்த நேரத்துக்குள் 100-க்கு வந்துவிடும்.

அன்று விடியற்காலை நான் செய்ததைச் சொல்கிறேன். சென்னை ஓட்டங்கள் வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே தொடங்கிவிடும். நாலு மணி ஓட்டத்துக்கு இரண்டேகாலுக்கு எழுந்தேன். மூன்று மணிக்கு ஒரு முழு டம்ளர் ஃபில்டர் காபி, கள்ளிச் சொட்டு மாதிரி. "ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் காஃபின் எடுக்க வேண்டும்" என்று எங்கோ படித்திருந்ததால் கூடவே 200 மி.கி. மாத்திரை ஒன்று. தொடக்கக் கோட்டருகே ஒரு தோழி, "இதையும் போட்டுக்கோடி, பறக்கலாம்" என்று ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழான ஒரு ஜெல்லைக் கையில் திணித்தாள். அதில் 75 மி.கி. இருந்ததைப் பிறகுதான் உறையைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காபியில் ஒரு 100 மி.கி. இருந்திருக்கும் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 375 மி.கி. என் எடை 60 கிலோ. அப்படியென்றால் கிலோவுக்கு 6 மி.கி.க்கும் மேல்.

முதல் பத்து கிலோமீட்டர் அற்புதமாக இருந்தது. அதுதான் பிரச்சினை. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்று நாலு மாதம் பழகியவள், 6 நிமிடம் 20 விநாடியில் ஓடிக்கொண்டிருந்தேன். கஷ்டமே தெரியவில்லை. 31-ஆவது கிலோமீட்டரில் கால் மரக்கட்டையாகிவிட்டது. அங்கிருந்து பெரும்பாலும் நடைதான், 5 மணி 38 நிமிடத்தில் முடித்தேன். எனக்குக் காஃபின் தேவைப்பட்ட இடம் அந்த 31. நான் அதை மொத்தமாகக் கொட்டித் தீர்த்ததோ, தேவையே இல்லாத முதல் கிலோமீட்டரில்.

இதற்குப் பிறகு மூன்று வருடம் படித்ததையும், பயிற்சி ஓட்டங்களில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததையும் எழுதுகிறேன். நாலரை, ஐந்து மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கிற என்னைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். காஃபின் பற்றிய பெரும்பாலான அறிவுரைகள் ஒரு மணி நேரத்தில் முடிகிற போட்டிகளை வைத்தோ, இரண்டரை மணியில் முடிக்கிற ஓட்டக்காரர்களை வைத்தோ சொல்லப்படுபவை. அவை நமக்கு அப்படியே பொருந்தாது.

காஃபின் என்ன செய்கிறது

1978-இல் அமெரிக்காவில் டேவிட் காஸ்டில் என்ற உடலியல் ஆய்வாளர் சைக்கிள் வீரர்களுக்கு ஒரு நாள் 330 மி.கி. காஃபின் உள்ள காபியும், இன்னொரு நாள் காஃபின் நீக்கிய காபியும் கொடுத்து, களைத்து விழும்வரை மிதிக்கச் சொன்னார். காஃபின் இல்லாத நாளில் சராசரியாக 75 நிமிடம் தாங்கினார்கள், காஃபின் நாளில் 90 நிமிடம். காஃபின் கொழுப்பை அதிகமாக எரிக்க வைத்து, தசையிலுள்ள சர்க்கரைச் சேமிப்பை மிச்சப்படுத்துகிறது என்றுதான் அப்போது விளக்கம் சொன்னார்கள். ஓட்டக்காரர்கள் பலர் இன்றும் அதையே சொல்கிறார்கள். ஆனால் பிறகு வந்த ஆய்வுகளில் அந்த விளக்கம் பின்னுக்குப் போய்விட்டது. வேலை பெரும்பாலும் நடப்பது மூளையில்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம், உழைக்கும் நேரமெல்லாம், மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது நரம்பணுக்களில் தனக்கென்று இருக்கும் இடத்தில் போய் உட்காரும்போது சோர்வு, தூக்கம், "போதும், நிறுத்து" என்ற உணர்வு வருகிறது. காஃபின் மூலக்கூறின் வடிவம் அடினோசினுக்கு ஒத்திருப்பதால், அந்த இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் சோர்வுச் செய்தியை அது அனுப்புவதில்லை. களைப்பு இருக்கிறது, நமக்குத் தெரிவதுதான் குறைகிறது. அதே வேகம் கொஞ்சம் சுலபமாகத் தோன்றும்.

இதிலிருந்து ஓட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. காஃபின் தெம்பு தருவதில்லை. தசைக்கு வேண்டிய சர்க்கரை மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை தனியாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். சர்க்கரை தீர்ந்த உடம்பில் காஃபினை ஊற்றினால், எச்சரிக்கை மணியின் வாயைப் பொத்திவிட்டு வண்டியை ஓட்டுவதுதான். முதல் பத்து கிலோமீட்டரில் நான் செய்தது அதுவே. என் வேகம் தப்பு என்று உடம்பு சொல்லியிருக்கும், கேட்க வேண்டிய காதை நானே அடைத்துவிட்டேன்.

எவ்வளவு

பல ஆய்வுகளைத் தொகுத்து, சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துக் கழகம் 2021-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, பயன் நிச்சயமாகத் தெரியும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மி.கி. சிலருக்கு 2 மி.கி.யே போதும். 9 மி.கி. போன்ற பெரிய அளவுகளில் ஓட்டம் கூடுதலாக மேம்படுவதில்லை, படபடப்பும் வயிற்றுக் கோளாறும்தான் கூடுகின்றன. 60 கிலோ எடைக்கு 3 மி.கி. கணக்கில் 180 வருகிறது. என் அனுபவத்தில் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் அந்தக் கீழ் எல்லையைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே தடவையில் 200 மி.கி., ஒரு நாளில் மொத்தம் 400 மி.கி. வரை பாதுகாப்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. அந்த இரண்டு எண்களையும் நான் வேலியாக வைத்துக்கொள்கிறேன்.

அளவு தெரிந்தாலும் அதை அளப்பது எப்படி? நம் ஊரில் இது சிக்கலான கேள்வி, ஏனென்றால் நமக்குக் காஃபின் என்றால் ஃபில்டர் காபி. ஒரு டம்ளரில் எவ்வளவு இருக்கிறது என்று எந்தப் பொட்டலத்திலும் எழுதியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் ஒரு டம்ளருக்குச் சுமார் 10 கிராம் தூள். கடையில் வாங்குவது 70:30 கலவை, அதாவது 30 பங்கு சிக்கரி. சிக்கரியில் காஃபின் கிடையாது. மீதி 7 கிராம் காபி. அது முழுக்க அராபிகா என்றால் அதில் காஃபின் நூற்றுக்கு 1.2 பங்கு போல, ஆக 84 மி.கி. அதுவே ரொபஸ்டா என்றால் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 150-ஐத் தொடும். எல்லாமே டிகாக்‌ஷனில் இறங்காது, கொஞ்சம் தூளிலேயே தங்கும். இரண்டாம் டிகாக்‌ஷன் கலந்தால் இன்னும் குறையும். ஆக, ஒரே டபரா, ஒரே டம்ளர், ஒரே நிறம். உள்ளே 50-உம் இருக்கலாம், 120-உம் இருக்கலாம். கடைக்காரரிடம், "அண்ணே, இதில் ரொபஸ்டா எவ்வளவு?" என்று கேட்டால் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் கேட்டபோதுதான், அம்மா வருடக்கணக்காக வாங்குவது பாதிக்குப் பாதி ரொபஸ்டா கலந்தது என்று தெரியவந்தது. "அப்பதான்டி டிகாக்‌ஷன் திக்கா எறங்கும்" என்றாள் அம்மா. உண்மைதான்.

அதனால் ஓட்ட நாளில் காபியை நான் அளவுக்காகக் குடிப்பதில்லை. பழக்கத்துக்காகவும், வீட்டிலேயே வயிறு சுத்தமாவதற்காகவும் அரை டம்ளர். அளந்து எடுக்க வேண்டியது மாத்திரையிலோ ஜெல்லிலோ. மாத்திரை 100, 200 மி.கி. என்று வருகிறது. 100 வாங்கினால் பாதியாக உடைக்கலாம். ஜெல்களில் 25-இல் தொடங்கி 100 வரை உண்டு, உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எனர்ஜி பானம் என்றால் நம் நாட்டு உணவுத் தர விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை இருக்கலாம், 250 மி.லி. டப்பாவில் 75 போல. வாயு போன கோலாவில் 100 மி.லி.க்கு 10 மி.கி.தான், ஆனால் அதைக் குறைவாக எண்ண வேண்டாம். 2002-இல் ஆஸ்திரேலியாவில் சைக்கிள் வீரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இரண்டு மணி நேரம் மிதித்த பிறகு கடைசிக் கட்டத்தில் கோலா குடித்தவர்கள், தொடங்கும் முன்பே கிலோவுக்கு 6 மி.கி. காஃபின் எடுத்தவர்களுக்குச் சமமாக மேம்பட்டார்கள். கோலாவில் இருந்ததோ கிலோவுக்கு ஒன்றரை மி.கி. போலத்தான். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பெரிய கேள்வி என்று எனக்குப் புரிய வைத்தது அந்த ஆய்வுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுத்தமான காஃபின் தூளை யாரும் வாங்க வேண்டாம். ஒரு தேக்கரண்டியில் 3,000 மி.கி.க்கு மேல் பிடிக்கும், சமையலறைத் தராசில் 100 மி.கி.யை அளக்கவே முடியாது. 2015-இல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகச் சோதனையில் 0.3 கிராம் கொடுக்க வேண்டிய இரண்டு மாணவர்களுக்கு, கணக்கில் புள்ளி இடம் மாறியதால் 30 கிராம் கொடுத்துவிட்டார்கள். இருவரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் டயாலிசிஸ் செய்துதான் பிழைத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் இருந்த ஆய்வுக்கூடத்திலேயே அப்படி என்றால், இருட்டில் அரைத் தூக்கத்தில் நம் வீட்டில் என்ன ஆகும்?

எப்போது

விழுங்கிய காஃபின் இரத்தத்தில் உச்சத்தைத் தொட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். "ஒரு மணி நேரம் முன்னால்" என்ற அறிவுரை அதிலிருந்து வந்தது. உச்சத்துக்குப் பிறகு மெல்லக் குறைகிறது. சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும், அதைக் கீழே சொல்கிறேன். இப்போதைக்கு ஐந்து மணி என்றே வைத்துக்கொள்வோம்.

என் அடுத்த மாரத்தானுக்குப் போட்ட கணக்கு இது. நாலு மணித் தொடக்கம், கிலோமீட்டருக்கு 7 நிமிடம். 30-ஆவது கிலோமீட்டரை 7:30-க்குத் தொடுவேன். அப்போது சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், தார் சாலை சூடேறத் தொடங்கியிருக்கும். எனக்குப் பிடிமானம் வேண்டியது அங்கே. மொத்தம் 185 மி.கி.யையும் மூன்று மணிக்கே எடுத்திருந்தால், நாலரை மணி நேரம் கழித்து இரத்தத்தில் மிஞ்சுவது ஏறக்குறைய 99.

அதையே பிரித்து எடுத்தேன். மூன்று மணிக்கு அரை டம்ளர் காபி, அதை 60 என்று வைத்துக்கொண்டேன். பிறகு 15-ஆவது கிலோமீட்டரில், 5:45-க்கு, அரை மாத்திரை, 50. அதன்பின் 25-ஆவது கிலோமீட்டரில், 6:55-க்கு, 75 மி.கி. ஜெல். மொத்தம் அதே 185. ஆனால் 7:30-க்குக் காபியிலிருந்து 32, மாத்திரையிலிருந்து 39, ஜெல்லிலிருந்து 69, ஆக 140. கடைசி ஜெல் அதற்குள் வயிற்றிலிருந்து முழுக்க இறங்கியிருக்காது, அதனால் இந்த எண்ணில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது இறங்கி முடியும்போது நான் 32, 33-இல் இருப்பேன், போன தடவை கால் மரக்கட்டையான அதே இடத்தில். அதைவிட முக்கியம், நாலு மணிக்குத் தொடக்கக் கோட்டில் என் உடம்பில் இருந்தது 60-க்கும் குறைவு. முதல் பத்து கிலோமீட்டரில் வேகம் கூடினால் மூச்சு எனக்குச் சொன்னது, நானும் கேட்டேன்.

5 மணி 1 நிமிடத்தில் முடித்தேன். எல்லாம் காஃபினால் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்கான வேகம், நேரத்துக்குச் சர்க்கரை, ஒரு வருடக் கூடுதல் பயிற்சி எல்லாம் சேர்ந்தது. ஆனால் கழிப்பறை வரிசையில் நிற்கவில்லை, 30-க்குப் பிறகு நடந்தது தண்ணீர் கொடுக்கும் எய்டு ஸ்டேஷன்களில் மட்டும்தான்.

மாத்திரையும் ஜெல்லும் தண்ணீரோடுதான். வெறும் வாயில் ஜெல்லை விழுங்கினால் வயிற்றில் கெட்டியாக உட்கார்ந்து குமட்டும். அதனால் எய்டு ஸ்டேஷன் தெரிகிற தூரத்தில் ஜெல்லைப் பிரிப்பேன். அரை மாத்திரையை ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு இடுப்பு பெல்ட்டில் வைப்பேன். முதல் தடவை அப்படியே காகிதத்தில் மடித்து வைத்து, வியர்வையில் கரைந்து மாவாகிவிட்டது. காஃபின் சூயிங்கம்மும் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் காவல் பணிக்குப் பயன்படுத்துவது, ஒரு துண்டில் 100 மி.கி. வாயின் உட்தோல் வழியாகவே உறிஞ்சப்படுவதால் மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். வயிறு எதையும் ஏற்காத கடைசிக் கட்டத்துக்கு நல்லது. கசப்பு அதிகம்.

முந்தைய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டேகாலுக்கு எழ வேண்டுமென்றால் எட்டு மணிக்குப் படுக்க வேண்டும். நம் வீடுகளில் நாலு மணிக் காபி விடாத வழக்கம். அதில் 100 மி.கி. இருந்தால், ஒன்பது மணிக்கு நாம் புரண்டுகொண்டிருக்கும்போது 50 மி.கி. உள்ளே விழித்திருக்கும். ஓட்டத்துக்கு முந்தைய நாள் காலைக் காபியோடு நான் நிறுத்திவிடுவேன். அதே சமயம், ஒரு வாரம் காபியையே விட்டுவிட்டு ஓட்ட நாளில் குடித்தால் "கிக்" அதிகம் என்று சிலர் செய்கிறார்கள். தினமும் குடிப்பவர்களுக்கும் பயன் கிடைக்கவே செய்கிறது என்றுதான் ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. விட்டால் நிச்சயமாக வருவது இரண்டு மூன்று நாள் தலைவலியும் எரிச்சலும், அதுவும் நன்றாகத் தூங்க வேண்டிய வாரத்தில்.

இரவு முழுக்க ஓடும் 12, 24 மணி நேர ஸ்டேடியம் ஓட்டங்களின் கணக்கு வேறு. அங்கே பகல் முழுதும் காஃபினைத் தொடாமல் காப்பாற்றி வைக்க வேண்டும். உடம்பு தானாகவே தாழ்ந்துபோகிற நேரம் நள்ளிரவுக்குப் பின் இரண்டு முதல் ஐந்து மணி வரை. அப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 50 முதல் 100 வரை, மொத்தக் கணக்கு வேலியைத் தாண்டாமல். மாலையிலேயே 300 மி.கி. குடித்துவிட்டு மூன்று மணிக்கு டிராக் ஓரத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒத்திகை

ஓட்ட நாளில் முதன்முறையாக எதையும் செய்யாதே என்பது காஃபினுக்கு இருமடங்கு பொருந்தும். நான் ஒரே அளவை மூன்று நீண்ட பயிற்சி ஓட்டங்களில் சோதித்தேன், முதலில் சிறியது. ஈசிஆரில் 24 கிலோமீட்டர், 12-இல் அரை மாத்திரை. அடுத்த வாரம் அதே பாதை, மாத்திரை இல்லாமல். பார்த்தது நாலே விஷயம். அதே வேகத்தில் துடிப்பு எவ்வளவு கூடுகிறது. வயிறு எப்போது கூப்பிடுகிறது. கை நடுங்குகிறதா. அன்று இரவு தூக்கம் எப்படி. எனக்குத் துடிப்பு நாலைந்து கூடியது, மற்றபடி எதுவும் இல்லை. முழு மாத்திரையில் சரியாக நாற்பது நிமிடத்தில் வயிறு கூப்பிட்டது. அதனால்தான் அரை.

என்னோடு ஓடும் ஒரு தங்கைக்கு அதே அரை மாத்திரையில் காரணமே இல்லாமல் பயம் பிடித்துக்கொண்டது. "அக்கா, ஏதோ கெட்டது நடக்கப் போற மாதிரியே இருக்கு" என்று பாலவாக்கத்தில் நின்றுவிட்டாள். அது மனப்பலவீனம் இல்லை. அடினோசின் ஏற்பிகளின் மரபணுவில் உள்ள சின்ன வேறுபாட்டால் சிலருக்குக் காஃபின் பதற்றத்தைக் கிளப்பும். கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியின் மரபணுவிலும் வேறுபாடு உண்டு. 2018-இல் கனடாவில் சைக்கிள் வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வேகமாக உடைக்கும் வகையினர் கிலோவுக்கு 4 மி.கி.யில் மேம்பட்டார்கள், மெதுவாக உடைக்கும் வகையினர் அதே அளவில் மோசமானார்கள். இதற்காகக் காசு கொடுத்து மரபணுச் சோதனை செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஒத்திகையில் நேரம் மேம்படவில்லை, உடம்பு மட்டும் அல்லாடுகிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது. அந்தத் தங்கை இப்போது காஃபின் இல்லாத ஜெல்லோடுதான் ஓடுகிறாள், என்னைவிட வேகமாக.

யார் தொடக்கூடாது

இதயத் துடிப்பின் தாளம் தவறும் கோளாறு உள்ளவர்கள், இதய இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஓட்டத்தின்போது காஃபின் எடுக்கக் கூடாது. தினசரிக் காபி குடிக்க மருத்துவர் அனுமதித்திருக்கலாம். அதுவும் இதுவும் ஒன்றில்லை. உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்குக் கூடுதல் இரத்தம் தேவையில்லை. மூன்றாவது மணி நேரத்தில், வெயிலில், நீர் குறைந்த உடம்பில் தேவை. உழைப்பின்போது இதயத் தசைக்குக் கூட வேண்டிய இரத்த ஓட்டத்தைக் காஃபின் ஓரளவு தடுக்கிறது, அதற்கு மேல் அழுத்தத்தையும் ஏற்றுகிறது. எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஓர் அண்ணன், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர். ஒரு அரை மாரத்தானில் 16-ஆவது கிலோமீட்டரில் எனர்ஜி பானம் குடித்தார். 18-இல் நெஞ்சில், "மீன் துள்ற மாதிரி இருக்கும்மா" என்று நடக்கத் தொடங்கினார். நல்லவேளை, முடித்துவிடலாம் என்று ஓடவில்லை. மருத்துவக் கூடாரத்தில் உட்கார வைத்தார்கள், ஈசிஜியில் தாளம் தவறியிருந்தது. அது அவருக்கு முன்பே இருந்த கோளாறு என்று பிறகு தெரிந்தது. வேகமான துடிப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் விட்டுவிட்டுத் துள்ளுவது, நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும், கூடாரத்துக்குப் போய்க் காஃபின் எடுத்ததையும் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் காஃபின் பாதியாக 15 மணி நேரம் வரை ஆகலாம், அது குழந்தைக்கும் போகும். ஓட அனுமதி இருந்தாலும் ஓட்டத்துக்கென்று காஃபின் வேண்டாம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு வந்த பதின்மூன்று வயதுப் பையன் கையில் அப்பாவே எனர்ஜி பானம் கொடுத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று அந்த டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். பதற்ற நோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், நெஞ்செரிச்சல் தொல்லை உள்ளவர்கள் பட்டியலும் இதோடு சேர்ந்ததே.

பலரும் கவனிக்காமல் விடுவது மருந்துகளைத்தான், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் காஃபின் வெளியேறும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். என் மேலே உள்ள கணக்கை அவர்கள் அப்படியே எடுத்தால் மாலை வரை படபடப்பு இருக்கும். பாதி அளவில் தொடங்க வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் காஃபின் பக்கமே போகக் கூடாது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஃப்ளுவாக்ஸமின் என்ற மனநல மருந்து காஃபினை உடைக்கும் நொதியையே கட்டிப்போட்டுவிடும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது சிப்ரோஃப்ளாக்சசின். ஓட்டத்துக்கு முந்தைய வாரம் வயிற்றுப்போக்கு வரும், மருந்துக் கடையில் கேட்டால் இந்த மாத்திரையைக் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வயிறு சரியாகிவிடும். ஆனால் அந்த மருந்தும் அதே நொதியைத் தடுக்கிறது. வழக்கமான காபியே அன்று இரண்டு மடங்காகத் தாக்கும். போதாததற்கு, அந்த மருந்து வகை தசைநாண்களையும் பலவீனப்படுத்தும், குறிப்பாகக் குதிகாலுக்கு மேலே உள்ளதை. அதைச் சாப்பிட்ட வாரத்தில் மாரத்தான் ஓடுவதே நல்லதில்லை, காஃபின் அடுத்த பேச்சு.

தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் நாம் போடும் சில மாத்திரைகளிலும் காஃபின் ஒளிந்திருக்கிறது. சாரிடானில் ஒரு மாத்திரைக்கு 50 மி.கி. முந்தின இரவு தூக்கமில்லாமல் தலை வலிக்கிறது என்று காலையில் இரண்டு போட்டால், என் அரை டம்ளர் காபியைவிட அதிகம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சளிக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின் உள்ள மாத்திரைகளில் காஃபின் இல்லாவிட்டாலும், அந்த மருந்தும் இதயத்தைத் துரத்துவதுதான். இரண்டையும் ஒரே காலையில் சேர்க்கக் கூடாது.

காஃபினை எடுப்பது ஏமாற்று வேலையா என்று சிலர் கேட்கிறார்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2004-இல் அதைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது, இப்போது கண்காணிப்புப் பட்டியலில் மட்டும் வைத்திருக்கிறது. நிறைய குடித்தால் உடம்பு வற்றிவிடும் என்பதும் மேலே சொன்ன அளவுகளில் ஓடும்போது உண்மையில்லை. பயிற்சியில் பழகாத வயிறு உள்ளவர்களுக்குக் கழிப்பறைத் தொல்லைதான் பெரிது.

வருகிற ஞாயிறு எங்கள் குழுவுக்கு 32 கிலோமீட்டர். இந்த முறை ஜெல்லை 25-க்குப் பதில் 27-இல் எடுத்துப் பார்க்கப் போகிறேன். கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் என் வேகம் இன்னும் சரிகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு முதல் டிகாக்‌ஷனில் அரை டம்ளர், ரொபஸ்டா இல்லாத பொட்டலத்திலிருந்து.